கடல் கடந்து ரோமுக்குப் போன வழக்குகள்

கி.பி. 252ஆம் ஆண்டு. இன்றைய துனிசியாவின் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ் என்ற பெரிய துறைமுக நகரிலிருந்து கிறிஸ்தவர்கள் சிலர் ரோமுக்குக் கப்பலேறினார்கள். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் அவர்களைச் சபையை விட்டு விலக்கியிருந்தார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ரோமின் ஆயர் கொர்னேலியுவிடம் முறையிடுவதே அவர்களுடைய நோக்கம். விஷயம் தெரிந்ததும் சிப்ரியன் கொர்னேலியுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தில் ரோம் சபையை அவர் பேதுருவின் இருக்கை என்கிறார்; ஆயர்களின் ஒற்றுமை ஊற்றெடுத்த தலைமைச் சபை என்கிறார். அதே கடிதத்தில், குற்றம் எங்கே நடந்ததோ அங்கேதான் விசாரணையும் நடக்க வேண்டும், சாட்சிகளும் குற்றம் சாட்டுகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், இவர்கள் கடல் கடந்து ஓடி வருவதில் நியாயம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார்.

போப்பாண்டவரின் தலைமை தொடக்கத்திலிருந்தே ஏற்கப்பட்டது என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கடிதத்தின் முதல் பாதியை எடுத்துக்காட்டுவார்கள். அது பிற்காலத்தில் வளர்ந்தது என்று வாதிடுகிறவர்கள் இரண்டாம் பாதியைக் காட்டுவார்கள். எழுதியவரோ ஒருவர்தான். அவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. ரோமை மதிப்பது ஒன்று, ரோமின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது வேறொன்று என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. அந்த மதிப்பு எப்படிப் படிப்படியாகத் தீர்ப்பு சொல்லும் அதிகாரமாக மாறியது என்பதுதான் வரலாற்றாசிரியர்களின் கேள்வி. உள்ளூரில் தோற்றவர்கள் மறுபடி மறுபடி ரோமின் கதவைத் தட்டியதில் அதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

பட்டியலும் மௌனமும்

ரோமின் ஆயர்களை வரிசையாகச் சொல்லும் பழைய பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஆயராக இருந்த இரேனேயு சுமார் 180இல் அதை எழுதினார். பேதுருவும் பவுலும் லீனுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்று தொடங்கி, பன்னிரண்டாவதாகத் தம் காலத்து எலியுத்தேரு வரை அவர் பெயர்களை அடுக்குகிறார். ஒவ்வொரு காலத்திலும் ரோமில் ஒரே ஓர் ஆயர் இருந்தார் என்ற எண்ணத்தை இது தருகிறது.

அதற்கு முந்தைய ஆவணங்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோம் சபை கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அங்கே மூப்பர்கள் சிலரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அது தவறு, அவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது அதன் சாரம். கிளமெந்தின் கடிதம் என்றே இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் கடிதத்துக்குள் கிளமெந்தின் பெயரே இல்லை. எழுதுவது ரோமில் உள்ள சபை என்று மட்டும் தொடங்குகிறது. ஆயர், மூப்பர் என்ற இரு சொற்களையும் ஒரே பொறுப்பில் இருப்பவர்களுக்கே அது மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. சில ஆண்டுகள் கழித்து அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேசியு, மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். ஆயரை விட்டுப் பிரியாதீர்கள் என்று ஓயாமல் வலியுறுத்தியவர் அவர். ஆனாலும் ரோம் சபைக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஊர் ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. அங்கே அவர் புகழ்வதெல்லாம் அந்தச் சபையைத்தான்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஹெர்மாஸ் எழுதிய ‘மேய்ப்பர்’ என்ற நூல் இன்னொரு தடயம். சபையை நடத்துகிறவர்கள் மூப்பர்கள் என்று அது பன்மையில் சொல்கிறது. கிளமெந்து என்ற ஒருவரும் அதில் வருகிறார். வெளியூர்களுக்கு நூல்களை அனுப்புவது அவர் பொறுப்பு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர், கத்தோலிக்கர் பலர் உட்பட, ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ரோமில் கிறிஸ்தவர்கள் நகரின் பல பகுதிகளில், பல வீடுகளில் கூடினார்கள். அவர்களை மூப்பர் குழு வழிநடத்தியது. நகரம் முழுமைக்கும் ஒரே ஆயர் என்ற ஏற்பாடு இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான் உறுதிப்பட்டது. இரேனேயுவின் பெயர்கள் கற்பனையாக இருக்கத் தேவையில்லை. அந்தக் குழுக்களில் முக்கியமானவர்களின் நினைவாக அவை இருந்திருக்கலாம். அவர்களைத் தம் காலத்துப் பதவியின் வடிவில் அவர் பார்த்தார்.

மௌனத்தை மட்டும் வைத்து இப்படி முடிவெடுக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஒரு கடிதம் ஒன்றைச் சொல்லவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது. ஆனால் எழுதியவர் அதைச் சொல்ல மிகவும் விரும்பியிருப்பார், சொல்ல வேண்டிய இடமும் அதுதான் என்னும்போது மௌனத்துக்கும் எடை உண்டு. இக்னேசியு விஷயத்தில் அந்த எடை கணிசமானது.

தனி ஆயர் இல்லாத காலத்திலேயே ரோம் சபை மற்றொரு சபையின் சச்சரவில் தலையிட்டுப் பேசியது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தத் துணிவுக்குக் காரணங்கள் இருந்தன. பேதுருவும் பவுலும் அந்த நகரில் உயிர் கொடுத்தார்கள் என்ற நினைவு அங்கே ஆழமாக இருந்தது. வத்திக்கான் பேராலயத்தின் அடியில் 1940களில் தோண்டியபோது, பழைய இடுகாடு ஒன்றின் நடுவே, செந்நிறப் பூச்சுள்ள சுவரில் பதித்துக் கட்டிய சிறிய நினைவுமாடம் வெளிப்பட்டது. அந்தச் சுவரை ஒட்டிய வடிகாலின் ஓடுகளில் இருந்த முத்திரைகள் 147க்கும் 161க்கும் இடைப்பட்டவை. மாடத்தின் கீழே இருந்தது யாருடைய எலும்பு என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. ஆனால் சுமார் 160இல் ரோமின் கிறிஸ்தவர்கள் அந்த இடத்தைப் பேதுருவின் இடமாகப் போற்றினார்கள் என்பதற்கு அது வலுவான சான்று.

வசதியும் சேர்ந்துகொண்டது. கொர்னேலியு எழுதிய ஒரு கடிதம் 251ஆம் ஆண்டளவில் ரோம் சபை எப்படி இருந்தது என்று கணக்குச் சொல்கிறது: 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள், சபை பராமரித்த கைம்பெண்களும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். அந்தச் சபையின் உதவி வெளியூர்ச் சபைகளுக்கும் போனது. பேரரசின் தலைநகரில், அப்போஸ்தலர்களின் கல்லறையோடு, கொடுக்கும் கையோடு இருந்த சபையின் பேச்சுக்கு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

ஸ்தேவானும் சிப்ரியனும்

மதிப்பு எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி 254இல் ஸ்தேவான் ரோமின் ஆயரானதும் வெடித்தது. முதலில் ஸ்பெயினிலிருந்து ஒரு வழக்கு வந்தது. பேரரசர் தேசியு 250இல் எல்லோரும் ரோமானியத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். அப்படிச் சான்றிதழ் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு இரண்டு ஆயர்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் பசிலிதெஸ் என்பவர் ரோமுக்குப் போய், ஸ்தேவானிடம் பதவியைத் திரும்பப் பெற்றுவந்தார். ஸ்பெயின் சபைகள் அதிர்ந்துபோய்க் கார்த்தேஜை அணுகின. சிப்ரியனும் 36 ஆயர்களும் கூடி, தூரத்தில் இருக்கும் ஸ்தேவான் உண்மை தெரியாமல் ஏமாற்றப்பட்டார், புதிய ஆயர்களே தொடரட்டும் என்று பதில் எழுதினார்கள்.

இதை மட்டும் படித்தால் சிப்ரியன் ரோமின் தலையீட்டை அறவே எதிர்த்தவர் என்று தோன்றும். ஏறத்தாழ அதே காலத்தில் அவர் ஸ்தேவானுக்கு எழுதிய மற்றொரு கடிதம் அப்படி முடிவுகட்ட விடாது. இன்றைய பிரான்சின் ஆர்ல் நகர ஆயர் மார்சியன், துன்புறுத்தலின்போது தவறியவர்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று நின்றவர். அவரை விலக்கி வேறொருவரை நியமிக்கும்படி அந்தப் பகுதி ஆயர்களுக்கும் ஆர்ல் மக்களுக்கும் கடிதம் எழுதுங்கள் என்று சிப்ரியனே ஸ்தேவானை வற்புறுத்துகிறார். ரோமின் சொல் அங்கே எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல் சரியாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தச் சொன்னார். தவறாக இருக்கும்போது மறுத்தார்.

அடுத்து வந்த தகராறு பெரியது. பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர் திருச்சபைக்குத் திரும்பினால் மீண்டும் ஞானஸ்நானம் தர வேண்டுமா? வேண்டும் என்றது ஆப்பிரிக்கா. வேண்டாம், கை வைத்து ஜெபித்து ஏற்றால் போதும் என்பது ரோமின் பழைய வழக்கம். ஸ்தேவான் தம் வழக்கத்தை மற்றவர்களும் ஏற்க வேண்டும் என்றார். கார்த்தேஜிலிருந்து வந்த தூதர்களைப் பார்க்க மறுத்ததோடு, அவர்களுக்கு யாரும் வீட்டில் இடம் தரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். 256 செப்டம்பர் 1 அன்று 87 ஆயர்கள் கார்த்தேஜில் கூடினார்கள். நம்மில் எவரும் தம்மை ஆயர்களுக்கு ஆயராக நிறுத்திக்கொள்வதில்லை என்று சொல்லியே சிப்ரியன் கூட்டத்தைத் தொடங்கினார். எல்லோரும் அவர் பக்கமே நின்றார்கள்.

இன்றைய துருக்கியில் உள்ள செசரேயாவின் ஆயர் ஃபிர்மிலியன் அப்போது சிப்ரியனுக்கு எழுதிய கடிதத்தில் முக்கியமான சான்று ஒன்று இருக்கிறது. ஸ்தேவான் தம் பதவியின் இடத்தைப் பெருமையாகப் பேசுகிறார், திருச்சபையின் அடித்தளமான பேதுருவின் வாரிசு தாமே என்கிறார் என்று அவர் கோபத்தோடு எழுதுகிறார். இயேசு பேதுருவிடம் சொன்ன, மத்தேயு நற்செய்தியில் வரும் வாக்கை ரோமின் ஆயர் ஒருவர் தம் அதிகாரத்துக்கு ஆதாரமாக்கினார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான தடயம் இதுதான். அதுவும் எதிராளியின் வாயிலிருந்து வருகிறது. ஸ்தேவான் எழுதியவற்றில் சில வரிகளே, எதிர்த்தவர்களின் மேற்கோளாகத் தப்பியிருக்கின்றன. எதிராளி சொல்வதை அப்படியே நம்ப முடியாதுதான். ஆனால் அந்த உரிமைகோரலைக் கேட்டு அவர் கோபப்பட்டார் என்பதே, அது எழுந்தது என்பதையும், அதைக் கேட்டவர்கள் வழக்கமான ஒன்றாக ஏற்கவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது.

ஒரே அதிகாரத்தின் இரண்டு வடிவங்கள்

சிப்ரியன் 251இல் திருச்சபையின் ஒற்றுமை பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதன் நான்காம் அதிகாரம் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் பேதுருவுக்கு முதன்மை தரப்பட்டது என்றும், பேதுருவின் இருக்கையைக் கைவிடுகிறவன் திருச்சபையில் இருப்பதாக எப்படி நம்ப முடியும் என்றும் வருகிறது. மற்றொன்றில் இந்தச் சொற்கள் இல்லை. அப்போஸ்தலர் அனைவரும் ஒரே மதிப்பும் அதிகாரமும் பெற்றவர்கள் என்பது அழுத்தம் பெறுகிறது.

முதல் வடிவம் ரோமுக்குச் சாதகமாக யாரோ பின்னால் செருகிய மோசடி என்று வெகுகாலம் பலரும் கருதினார்கள். கேன்டர்பரி பேராயராக இருந்த எட்வர்ட் பென்சன் 1897இல் வெளிவந்த தம் நூலில் இதை வன்மையாக வாதிட்டார். சில ஆண்டுகளில் ஜான் சாப்மன் என்ற பெனடிக்ட் சபைத் துறவி மாற்றுக் கருத்தை முன்வைத்தார். இரண்டையும் எழுதியவர் சிப்ரியனே என்றார் அவர். பிறகு மாரிஸ் பெவெனோ என்ற இயேசு சபைத் துறவி பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் செலவிட்டு, தம் ஆய்வை வெளியிட்டார்.

மோசடி வாதம் எப்படித் தளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. சந்தேகத்துக்குரிய வரிகளின் சொற்களும் நடையும் சிப்ரியனின் மற்ற எழுத்துகளோடு பொருந்துகின்றன. அதைவிட முக்கியமாக, அந்த வரிகளில் ரோம் என்ற பெயரே இல்லை. ரோமுக்காக மோசடி செய்கிறவன் ரோமைக் குறிப்பிட மறப்பானா? 251இல் சிப்ரியனின் கவலை, கார்த்தேஜிலும் ரோமிலும் முறையான ஆயருக்குப் போட்டியாக இன்னொருவரை நிறுத்தியவர்களைப் பற்றியது. ஒவ்வோர் ஊரிலும் முறையான ஆயர் அமர்வதே பேதுருவின் இருக்கை என்பது அவர் எண்ணம். ஸ்தேவான் அந்தக் கருத்தை ரோமுக்கு மட்டும் உரியதாக எடுத்தாண்டபோது, தம் சொற்கள் தமக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்று கண்டு, 256ஐ ஒட்டி அவரே அதிகாரத்தைத் திருத்தி எழுதினார் என்பது பெவெனோவின் முடிவு. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்கள். ஒரு கருத்து ஐந்தே ஆண்டுகளில் எப்படிப் புதிய பொருள் பெற்றது என்பதை இந்தத் திருத்தம் காட்டுகிறது.

ஸ்தேவான் 257இல் இறந்தார். அடுத்த ஆண்டு சிப்ரியன் மறைசாட்சியாகத் தலை கொடுத்தார். தகராறு தீராமலே நின்றது. ஆனால் 314இல் ஆர்ல் நகரில் கூடிய மேற்கு ஆயர்கள் ரோமின் வழக்கத்தையே ஏற்றார்கள். ரோம் பிடிவாதமாக நின்ற விஷயத்தில் காலம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இது ரோமின் மதிப்பை மேலும் உயர்த்தியது.

அப்பியாரியு வழக்கு

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கடல்வழியில் இன்னொரு வழக்கு போனது. சிக்கா என்ற ஊரின் குருவான அப்பியாரியுவை அவருடைய ஆயர் உர்பானு ஒழுங்கீனத்துக்காக விலக்கினார். அப்பியாரியு 418இல் ரோம் ஆயர் சோசிமுவிடம் முறையிட்டார். இப்போது ரோமிடம் வெறும் மதிப்பு மட்டும் இல்லை, சட்டமும் இருந்தது. மேல்முறையீட்டை விசாரிக்கத் தமக்கு உரிமை தரும் விதிகள் 325இல் கூடிய நைசீயா பொதுச்சங்கத்தில் இயற்றப்பட்டவை என்று சொல்லி, சோசிமு அவற்றைத் தம் தூதர்கள் வழியாகக் கார்த்தேஜுக்கு அனுப்பினார்.

ஆப்பிரிக்க ஆயர்கள் தங்களிடம் இருந்த நைசீயா பிரதிகளைப் புரட்டினார்கள். அந்த விதிகள் அங்கே இல்லை. 419 மே மாதம் கூடிய சங்கத்தில், அகுஸ்தினாரின் நண்பரும் தகாஸ்தே நகர ஆயருமான அலிப்பியு எழுந்து, கிழக்கில் உள்ள மூலப் பிரதிகளைப் பார்த்துவிடலாம் என்றார். கான்ஸ்டான்டினோபிளுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் ஆள் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரு இடங்களிலிருந்தும் நகல்கள் வந்தன. நைசீயா விதிகள் இருபது. ரோம் காட்டியவை அவற்றில் இல்லை.

அவை வந்த இடம் வேறு. 343இல் சார்திக்காவில், அதாவது இன்றைய பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் கூடிய சங்கம் இயற்றியவை அவை. தண்டிக்கப்பட்ட ஆயர் ரோம் ஆயரிடம் முறையிடலாம், அவர் தேவை என்று கருதினால் அண்டை ஆயர்களைக் கொண்டு மறுவிசாரணைக்கு ஏற்பாடு செய்யலாம் என்று அது விதித்தது. ரோமின் ஏடுகளில் நைசீயா விதிகளை அடுத்து, இடைவெளியின்றி, சார்திக்கா விதிகளையும் எழுதி வந்தார்கள். நாளடைவில் எல்லாமே நைசீயா என்றாகிவிட்டது. சோசிமு வேண்டுமென்றே பொய் சொன்னார் என்பதைவிட, தம் ஏட்டை அப்படியே நம்பினார் என்பதுதான் பொருத்தம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

அப்பியாரியு மன்னிப்புக் கேட்டு வேறு ஊருக்கு மாறினார். அங்கும் புகார் எழுந்தது. மறுபடி ரோமுக்குப் போனார். அப்போதைய ரோம் ஆயர் செலஸ்தீன் அவரை ஏற்றுத் தம் தூதர் ஃபவுஸ்தினுவோடு திருப்பி அனுப்பினார். சுமார் 425இல் கார்த்தேஜில் விசாரணை நடந்தது. ஃபவுஸ்தினு மூன்று நாள் அவருக்காக வாதாடினார். ஆனால் அப்பியாரியு மனசாட்சி தாங்காமல் எல்லாக் குற்றங்களையும் தாமே ஒப்புக்கொண்டார்.

அதன் பின் ஆப்பிரிக்க ஆயர்கள் செலஸ்தீனுக்கு எழுதிய கடிதம் மரியாதை குறையாதது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. பல ஆயர்கள் கூடிய சங்கத்துக்கு மறுத்த நீதியுணர்வைக் கடவுள் எங்கோ இருக்கும் ஒருவருக்கு மட்டும் தருவாரா என்று கேட்கிறார்கள். முதியவர்களும் நோயாளிகளும் சாட்சி சொல்லக் கடல் தாண்ட முடியுமா என்கிறார்கள். சிப்ரியனின் வாதமேதான், இம்முறை ஆவணச் சான்றோடு. இனி எங்கள் விலக்கப்பட்டவர்களை எளிதாக ஏற்காதீர்கள், தூதர்களை அனுப்பாதீர்கள் என்று முடிக்கிறார்கள்.

எதிர்க்குரல் ஓய்ந்தபோது

இந்த விவாதத்தில் ஆப்பிரிக்கா தோற்கவில்லை. ஆனால் 439 அக்டோபரில் வண்டல் படைகள் கார்த்தேஜைக் கைப்பற்றின. ஆரியக் கொள்கையைப் பின்பற்றிய அந்த அரசர்களின் கீழ் ஆயர்கள் பலர் நாடு கடத்தப்பட்டார்கள். ஆண்டுதோறும் சங்கம் கூட்டி, ஏடுகளைச் சரிபார்த்து, ரோமோடு சமமாக வாதாடிய அமைப்பு உடைந்துபோனது. மேற்கில் அதற்கு ஈடான வேறொரு சபை இல்லை.

அடுத்த ஆண்டு ரோமில் முதலாம் லியோ பதவியேற்றார். தமிழ்க் கத்தோலிக்கர் பெரிய சிங்கராயர் என்று அழைப்பது இவரைத்தான். பேதுருவே தம் வாரிசின் வழியாகப் பேசுகிறார் என்ற கருத்துக்கு முழு வடிவம் தந்தவர் அவர். 445இல் பேரரசர் மூன்றாம் வாலன்தீனியன், மேற்கின் ஆயர்கள் ரோமுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டமே பிறப்பித்தார். 451இல் கால்சிதோன் பொதுச்சங்கம் லியோவின் விசுவாசக் கடிதத்தைப் பேதுருவின் குரலாகவே கொண்டாடியது. ஆனால் அதே சங்கம், பழைய தலைநகர் என்பதால் ரோமுக்குக் கிடைத்த சிறப்புரிமைகளைப் புதிய தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கும் தந்தது. லியோ அதை ஏற்க மறுத்தார். ரோமின் சிறப்பு அப்போஸ்தலரிடமிருந்து வந்ததா, அரசியலிலிருந்து வந்ததா என்ற கேள்வியில் கிழக்கும் மேற்கும் அன்றே வெவ்வேறு பக்கம் நின்றன.

ஆப்பிரிக்காவிலும் ஒரு பகுதி வண்டல்களிடமிருந்து தப்பியிருந்தது. அங்குள்ள மவுரித்தானியா ஆயர்களுக்கு லியோ 446இல் ஒரு கடிதம் எழுதினார். லூப்பிசினு என்ற ஆயர் தம்மிடம் முறையிட்டிருக்கிறார், ஆகவே அவர் வழக்கை மறுபடி விசாரியுங்கள் என்று அதில் ஆணையிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் கார்த்தேஜின் சங்கம் எதைச் செய்யாதீர்கள் என்று கேட்டதோ, கிட்டத்தட்ட அதுவே இது. இம்முறை மறுத்து எழுதிய பதில் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

கிறிஸ்து பேதுருவிடம் ஒப்படைத்தது இப்படித்தான் மெல்ல மலர்ந்தது என்று விசுவாசி சொல்லலாம். சூழ்நிலைகள் சேர்ந்து உருவாக்கியது என்று மற்றவர் சொல்லலாம். ஆவணங்களால் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது. அவை உறுதியாகச் சொல்வது இவ்வளவு: ரோமின் மீதான மதிப்பு மிகப் பழையது. பேதுருவின் பெயரால் பிற சபைகளைக் கட்டுப்படுத்தும் உரிமைகோரல் மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தெளிவாக வெளிப்படுகிறது. அந்த உரிமை கோரப்பட்ட நாளிலிருந்தே, ரோமை மிகவும் மதித்தவர்கள் அதற்கு எல்லை வகுக்க முயன்றார்கள். ரோமின் எழுச்சியை எழுதும் எவரும் கார்த்தேஜின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.